“வாழை சரியா வரலை சார், என்ன மருந்து அடிக்கலாம்?” - மலைவாழை விவசாயி நிபுணரிடம் கேட்க வேண்டிய சரியான கேள்வி இதுதான்!

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர், ஆடலூர், கே.சி.பட்டி. கொடைக்கானலுக்குக் கீழே, பழனி மலையின் நடுச்சரிவுகளில் இருக்கும் இந்த ஊர்களில் காபிச் செடிகளுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் மரம் மலைவாழை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த விருப்பாட்சி ரகம் இங்கேதான் விளைகிறது. விருப்பாட்சிக்கும் சிறுமலை மலைவாழைக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஆனால், இந்த வாழையைப் பல பத்தாண்டுகளாக ஒரு நோய் துரத்திக்கொண்டே இருக்கிறது.

அந்த நோய் பற்றி நிபுணர்களிடம் கேட்க இடங்கள் இருக்கின்றன. மாதம்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம், தடியன்குடிசையில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண் என்று பட்டியல் உண்டு. சிக்கல் என்னவென்றால், கூட்டத்தில் மைக் ஒருவர் கையில் ஓரிரு நிமிடங்கள்தான் இருக்கும். அந்த நேரத்துக்குள் கேட்கும் கேள்வியை வைத்துத்தான் பதிலும் அமையும்.

ஒரே வரிக் கேள்வி, நான்கு நோய்கள்

ஓர் உதாரணம் பார்ப்போம். தாண்டிக்குடி பக்கம் மூன்று ஏக்கரில் காபியும் மிளகும் மலைவாழையும் வைத்திருக்கும் ஒரு விவசாயி. கூட்டத்தில் எழுந்து, “சார், வாழை சரியா வரலை. இலையெல்லாம் மஞ்சளா இருக்கு. என்ன மருந்து அடிக்கலாம்?” என்று கேட்கிறார்.

இந்தக் கேள்விக்கு மேடையில் இருப்பவரால் நேர்மையாக ஒரு பதில் சொல்ல முடியாது. ஏனென்றால், வாழை இலை மஞ்சளாவதற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

அடியில் இருக்கும் பழைய இலைகள் முதலில் மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கினால், அது வாடல் நோயாக இருக்கலாம். தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள் தெரியும். இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் விழுந்திருந்தால், வெள்ளரித் தேமல் வைரஸ் மீது சந்தேகம் வரும். சத்துக் குறைபாடு என்றால், பக்கத்தில் ஒரே மண்ணில் நிற்கும் பல மரங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி அறிகுறி இருக்கும்.

நான்காவதுதான் மலைவாழைக்காரர்கள் அதிகம் பயப்படும் முடிக்கொத்து நோய். இது வைரஸால் வருவது. பாதித்த மரத்தைக் குணமாக்க மருந்தே கிடையாது. அதனால், “என்ன மருந்து அடிக்கலாம்?” என்ற கேள்வியின் கடைசி வார்த்தையிலேயே பாதை மாறிவிடுகிறது. நிபுணர் ஏதோ ஒரு மருந்தின் பெயரைச் சொன்னால் விவசாயி கடைக்குப் போவார். நோய் பக்கத்து மரத்துக்குப் போகும்.

கேள்விக்கு முன் தோட்டத்தில் 10 நிமிடம்

கூட்டத்துக்குப் போவதற்கு முன், சந்தேகப்படும் மரத்தில் நான்கு விஷயங்களைப் பார்த்துவிட்டுப் போனால் கேள்வி தானாகவே நேராகிவிடும்.

முதலில், பாதிப்பு புதிய இலையிலா, பழைய இலையிலா? முடிக்கொத்து நோயில் புதிதாக வரும் ஒவ்வோர் இலையும் முந்தையதைவிடக் குட்டையாகவும் குறுகலாகவும் இருக்கும். விரிந்து சாயாமல் நேராக நிமிர்ந்து நிற்கும். இலைகள் உச்சியில் கொத்தாகச் சேர்ந்துகொள்வதால்தான் இந்தப் பெயர். இலை ஓரம் மஞ்சளாகும். மடக்கினால் சட்டென்று ஒடியும்.

இரண்டாவது, இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அடிப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். இந்த நோய் இருந்தால் நரம்புகளின் மேல் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாக, தந்திக் குறிகளைப் போலத் தெரியும். நடுநரம்பை ஒட்டி அந்தக் கோடுகள் கொக்கி போல வளைந்திருக்கும். இலைக்காம்பின் மேல் இருக்கும் வெள்ளை மெழுகுப் பூச்சை விரலால் துடைத்தால் அங்கேயும் இதே கோடுகள் தெரியும். முடிக்கொத்து நோய்க்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. மரம் குட்டையாவதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது, தண்டின் அடிப்பகுதியிலும் இலை உறைகளுக்கு உள்ளேயும் பக்கக்கன்றுகளின் குருத்திலும் கரும்பழுப்பு நிறத்தில் சிறு பூச்சிகள் கூட்டமாக இருக்கின்றனவா? இதுதான் வாழை அசுவினி. வைரஸைச் சுமந்து செல்வது இதுதான். எறும்புகள் வரிசையாக ஏறி இறங்கினால் அசுவினி இருக்க வாய்ப்பு அதிகம். அது சுரக்கும் இனிப்புக்காகவே எறும்புகள் வருகின்றன.

நான்காவது, எத்தனை மரம், எங்கே? ஓரிரு மரங்களா, ஒரு வரிசையா, தோட்டம் முழுக்கவா என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பார்த்த கையோடு செல்போனில் நான்கு படங்கள் எடுத்துக்கொள்ளலாம். தள்ளி நின்று முழு மரம், உச்சியில் இருக்கும் புது இலை, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த இலை, மெழுகு துடைத்த காம்பு. மஞ்சளான இலையை மட்டும் கிட்டத்தில் எடுத்த படத்தால் பெரிய பயன் இல்லை.

மாற்றிக் கேட்ட கேள்வி

இதையெல்லாம் பார்த்துவிட்டு அதே விவசாயி மறுபடி எழுந்தால் கேள்வி இப்படி இருக்கும்:

“ஐயா, தாண்டிக்குடி பக்கம் மூணு ஏக்கர், காபிக்கு நடுவுல மலைவாழை. போன வருஷம் பக்கத்துத் தோட்டத்துல இருந்து கன்னு வாங்கி நட்டேன். அதுல அஞ்சு மரத்துல ரெண்டு மாசமா புது இலை குட்டையா, நிமிர்ந்து வருது. இலை ஓரம் மஞ்சளா இருக்கு. காம்பைத் துடைச்சா பச்சைக் கோடு தெரியுது. அடியில அசுவினி இருக்கு. அஞ்சும் ஒரே மூலையில இருக்கு. பழைய மரங்கள்ல ஒண்ணும் இல்ல. இதுவரைக்கும் எந்த மருந்தும் அடிக்கல. அஞ்சையும் எடுத்துடலாமா? எடுத்தா எப்படி எடுக்கணும்? சுத்தி இருக்குற மரத்துல இருந்து கன்னு எடுத்து அந்த இடத்துல நடலாமா?”

ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம். இதில் இடம், ரகம், கன்று வந்த வழி, அறிகுறி தொடங்கிய காலம், பரவிய விதம் எல்லாம் வந்துவிட்டன. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அவர் எடுக்க வேண்டிய முடிவு என்ன என்பதும் வந்துவிட்டது.

கன்று வாங்கிய விவரத்தை நிபுணர் கட்டாயம் கவனிப்பார். முடிக்கொத்து நோய் தொலைதூரம் போவது பெரும்பாலும் கன்றுகள் வழியாகத்தான். மண்ணாலோ அரிவாளாலோ இது பரவுவதில்லை. கன்றில் வந்த வைரஸைப் பக்கத்து மரத்துக்குக் கொண்டுபோகும் வேலையை அசுவினி பார்த்துக்கொள்ளும். ஊடுபயிரையும் ஒரு வார்த்தை சொல்வது நல்லது. பூசணி, வெள்ளரி வகைக் கொடிகள் வெள்ளரித் தேமல் வைரஸுக்கு இருப்பிடம். மலையில் நிறையப் பயிராகும் சௌசௌவும் அதே குடும்பம்தான்.

இதற்குக் கிடைக்கும் பதில் என்ன?

‘ஐந்து மரங்களையும் எடுத்துவிடுங்கள்’ என்பதுதான் பதிலின் முதல் பகுதி. ஆனால் வரிசை முக்கியம். முதலில் அந்த மரத்திலும் அதன் கன்றுகளிலும் இருக்கும் அசுவினியைக் கொல்ல வேண்டும். அதற்கான மருந்தையும் அளவையும் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு அடிக்கலாம். அதன் பிறகுதான் மரத்தில் கை வைக்க வேண்டும். மரத்தை முதலில் வெட்டினால், வாடும் மரத்தை விட்டு வைரஸோடு அசுவினி அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

அடுத்து, வெட்டினால் மட்டும் போதாது. கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். ஒரு கிழங்கிலிருந்து வந்த எல்லாக் கன்றுகளிலும் வைரஸ் இருக்கும் என்பதால், பார்க்க நன்றாக இருக்கும் பக்கக்கன்றையும் விட்டுவைக்கக் கூடாது. கிழங்கைத் துண்டு துண்டாக நறுக்கிக் காயவிட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். தண்டை மட்டும் வெட்டி வேலி ஓரம் போட்டுவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் கிழங்கு மறுபடி துளிர்க்கும். புதுக் குருத்தில் அசுவினி வந்து உட்காரும்.

மூன்றாவது பகுதி, சுற்றி இருக்கும் மரங்கள். ஆஸ்திரேலியத் தோட்டங்களில் செய்த ஆய்வில், புதிதாக நோய் வந்த மரங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பழைய நோய் மரத்திலிருந்து 20 மீட்டருக்குள் இருந்தன. எனவே அந்த மூலையைச் சுற்றி உள்ள மரங்களை மாதம் ஒரு முறையாவது காம்பு துடைத்துப் பார்க்க வேண்டும். வைரஸ் நுழைந்த பிறகு அறிகுறி தெரியச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். குளிர் அதிகமானால் இலை வருவது தாமதமாகும், அறிகுறியும் தாமதமாகும். மலையில் ஒரு மாதம் பார்த்துவிட்டு, ‘நோய் போய்விட்டது’ என்று விட்டுவிட முடியாது.

இதனால்தான் மூன்றாவது கேள்விக்குப் பதில் ‘வேண்டாம்’. பக்கத்து மரம் இன்று நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வைரஸ் இருக்கலாம். வைரஸ் பரிசோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றுதான் பாதுகாப்பு. ‘திசு வளர்ப்பு’ என்ற பெயர் மட்டும் போதாது. நோயுள்ள தாய் மரத்திலிருந்து எடுத்தால் திசு வளர்ப்புக் கன்றிலும் வைரஸ் இருக்கும். ‘வைரஸ் பரிசோதனை செய்ததற்குச் சான்று இருக்கா?’ என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். பரிசோதித்த கன்றும் நட்ட பிறகு அசுவினியால் பாதிக்கப்படலாம் என்பதால் கண்காணிப்பு தொடர வேண்டும்.

பதில் வந்த பிறகு ஒரு கேள்வி

படமும் விவரமும் இருந்தும் நிபுணர் உறுதியாகச் சொல்லத் தயங்கினால், “எதைப் பார்த்தால் உறுதியாகும்?” என்று கேட்டுவிடுவது நல்லது. அப்போது அவர் நேரில் வந்து பார்க்கலாம், அல்லது திருச்சியில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கு இலை மாதிரி அனுப்பச் சொல்லலாம். எந்த இலையை, எப்படிக் கட்டி அனுப்புவது என்பதை அந்த மையத்திலேயே முன்கூட்டிக் கேட்டுக்கொண்டால் மாதிரி வீணாகாது.

முடிவு வரும்வரை அந்த மரத்திலிருந்தும் சுற்றியுள்ள மரங்களிலிருந்தும் யாருக்கும் கன்று கொடுக்கக் கூடாது. உதாரணத்தில் வந்த ஐந்து மரங்களும் அப்படிப் பாசத்தோடு கொடுத்த கன்றுகளில் வளர்ந்தவைதான். அந்தப் பக்கத்துத் தோட்டக்காரரிடமும் விஷயத்தைச் சொல்லி, அவருடைய மரங்களின் காம்புகளையும் ஒருமுறை துடைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.