இடிமேகத்துக்குள் சுழலும் காற்றை ராடார் காண்பது எப்படி?

சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகலில் ஜவ்வாது மலைப் பக்கம் மேகம் திரண்டு, ஒரு மணி நேரத்தில் வாழைத் தோட்டத்தைச் சாய்த்துவிட்டுப் போவது வேலூர், ஆம்பூர் பகுதி விவசாயிகள் அறிந்ததே. இத்தகைய மேகங்களில் மிகச் சிலவற்றின் உள்ளே காற்று சுழலும். சுழலும் மேகம் மற்ற இடிமேகங்களைவிட நீண்ட நேரம் நிலைத்து, பெரிய ஆலங்கட்டியையும் கடுங்காற்றையும் தரவல்லது. நம் பகுதியில் இது அபூர்வம்தான். ஆயினும் வரும்போது முன்கூட்டி அறிவது எப்படி?

தோல் பதனிடும் ஆலையில் படுத்த வாக்கில் உருளும் டிரம்மை எண்ணிப் பாருங்கள். தரையருகே காற்று மெதுவாகவும், மேலே வேகமாகவும் வீசினால் இடையில் உள்ள காற்று அந்த டிரம் போலவே உருளும். மேகத்துக்குள் ஏறும் வெப்பக்காற்று அந்த உருளையை நிமிர்த்தி நிறுத்திவிட்டால், மேகமே சுழலத் தொடங்கும்.

சென்னைத் துறைமுகப் பகுதியில் டாப்ளர் ராடார் 2002-ல் நிறுவப்பட்டது. இவ்வகை ராடார் காற்றைப் பார்ப்பதில்லை. காற்று அடித்துச் செல்லும் மழைத்துளிகளையே பார்க்கிறது. சுமார் 10 சென்டிமீட்டர் நீள அலையை, வினாடிக்கு 1000 துடிப்புகள் வீதம் அனுப்புவதாகக் கொள்வோம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ராடாரை நோக்கி வரும் துளி, இரு துடிப்புகளுக்கு இடையே 2 சென்டிமீட்டர் நெருங்கிவிடும். அலை போய்த் திரும்ப வேண்டுமாதலால் அதன் பாதை 4 சென்டிமீட்டர் குறையும். திரும்பி வரும் அலையில் தெரியும் இந்தச் சிறு மாற்றமே வேகத்தைச் சொல்லிவிடுகிறது. துளி விலகிச் சென்றால் மாற்றம் எதிர்த்திசையில் இருக்கும். குறுக்கே சென்றாலோ ராடாருக்கு அது நின்ற துளிதான்.

நெருங்குவது, விலகுவது என்ற இரண்டை மட்டும் வைத்துச் சுழற்சியை அறிவது எப்படி? செக்கு சுற்றும் மாட்டைத் தொலைவில் நின்று பாருங்கள். ஒரு பக்கத்தில் மாடு உங்களை நோக்கி வரும். மறு பக்கத்தில் விலகிப் போகும். நமக்கு அருகிலும் அப்பாலும் குறுக்கே நடக்கும். மேகமும் அப்படியே. நம் நாட்டில் இச்சுழற்சி பெரும்பாலும் இடஞ்சுழி. ஆகவே சென்னையிலிருந்து மேற்கே நோக்கினால், வேலூர் மேல் உள்ள மேகத்தின் தென்பாகம் நெருங்கும், வடபாகம் விலகும்.

உதாரணமாக, தென்பாகம் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறது, அதே தொலைவில் வடபாகம் 55 வேகத்தில் விலகுகிறது என்போம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 50. அதுவே சுழலும் வேகம். மிச்சமுள்ள 5, மேகம் முழுவதும் மேற்கே நகரும் வேகம். அடுத்தடுத்த உயரங்களிலும், சில நிமிடம் கழித்தும் அதே ஜோடி தெரிந்தால்தான் அதைச் சுழற்சி என்று கொள்ளலாம்.

ராடார் ஏமாறுவதும் உண்டு. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். மேற்சொன்ன துடிப்பு வீதத்தில் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்திலும் அதுவே நேரும். 110 வேகத்தில் நெருங்கும் காற்று, 70 வேகத்தில் விலகுவதாகத் தோன்றும். 2016 டிசம்பர் 12-ல் சென்னையைத் தாக்கிய வர்தா போன்ற புயல்களில் இத்தகைய வேகம் சாதாரணம். நெருங்கும் வேகம் உச்சத்திலிருந்து சட்டென்று எதிர் உச்சத்துக்குத் தாவினால் அது போலி என்று ஐயுற வேண்டும். இரு வேறு வீதங்களில் மாற்றி மாற்றித் துடிப்பு அனுப்பி இதைத் திருத்துவார்கள்.

தொலைவு மற்றொரு தடை. வினாடிக்கு 1000 துடிப்பு எனில், 150 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எதிரொலி வருமுன் அடுத்த துடிப்பு கிளம்பிவிடும். நேர்க்கோட்டில் வேலூர் சுமார் 127 கிலோமீட்டர். ஆம்பூரோ 170-க்கும் மேல். துடிப்பைக் குறைத்தால் ஆம்பூர் எட்டும். ஆனால் பிழையின்றி அளக்கும் வேகம் குறைந்துவிடும். பூமி வளைந்திருப்பதாலும், கதிர் அரை டிகிரி ஏற்றத்தில் செல்வதாலும், வேலூரில் அது கடல் மட்டத்துக்குச் சுமார் 2 கிலோமீட்டர் மேலும், ஆம்பூரில் 3 கிலோமீட்டருக்கு மேலும் போகிறது. கதிரின் அகலமும் வேலூரை அடையும்போது 2 கிலோமீட்டருக்கு மேல். எனவே ஐந்தாறு கிலோமீட்டர் அகலச் சுழற்சி தெரியலாம். தோப்பளவு சுழல் தெரியாது.

மேகத்திலிருந்து இறங்கித் தரையில் மோதிப் பரவும் நேர்க்காற்றும் இவ்வளவு தொலைவிலிருந்து தெரியாது. நம் பகுதியில் வாழையைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்தக் காற்றே. மறுநாள் தோட்டத்தில் மரங்கள் எல்லாம் ஒரே திசையில், அல்லது விசிறிபோல் விரிந்து சாய்ந்திருந்தால் அது நேர்க்காற்றின் வேலை. குறுகிய பாதையில் இரு புறமிருந்தும் நடுவை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் சுழற்காற்று என ஐயுறலாம். மரங்களை அப்புறப்படுத்துமுன் திசையைக் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். ராடார் பார்க்க முடியாத அந்தக் கீழ்ப்பகுதிக்கு அதுவே சாட்சி.