குடல் மருந்துக்கு முன்னே கொப்புளிப்பான் ஊசி

பெருங்குடல் புண்ணாகி இரத்தத்தோடு வயிற்றால் போகும் வருத்தம் எம்மவர்களுக்கும் வருகிறது. எனது மச்சானுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. வயது 31. மொழிபெயர்க்க நான்தான் கூடப் போகிறேன். மெசலசீன் குளிசையோடு இருந்தவருக்கு வருத்தம் திரும்பத் திரும்ப வந்தபடியால், அசதயோப்பிரின் தொடங்கலாம் என்று இங்கே லண்டனில் வைத்தியர் சொன்னார். மெசலசீன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதில்லை. அசதயோப்பிரின் குறைக்கும். இன்ஃபிளிக்சிமாப் போன்ற ஊசிகளும் அப்படித்தான்.

குளிசைக்கு முன் இரத்தம் எடுத்து, கொப்புளிப்பான், சின்னமுத்து, ஈரலைத் தாக்கும் ஹெபரைற்றிஸ் பி ஆகியவற்றுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். "சின்ன வயதில் கொப்புளிப்பான் வந்ததுதானே" என்று மாமி ஊரிலிருந்து ரெலிபோனில் சொன்னா. பரிசோதனையில் எதிர்ப்பு இல்லை. இலங்கை போன்ற வெப்ப நாடுகளில் அது பலருக்குப் பிந்திய வயதிலேயே வருகிறது, சிலருக்கு வருவதேயில்லை. ஆகவே ஞாபகத்தை நம்பாமல் இரத்தத்தைப் பார்ப்பதே சரி. எதிர்ப்புச் சக்தி அடங்கியவருக்கு அது வந்தால் நுரையீரல், ஈரல் வரை போய் உயிரைக் கொல்லலாம்.

கொப்புளிப்பான் ஊசியில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள வைரசு. அசதயோப்பிரின் தொடங்கிய பின் பொதுவாக அதைப் போடுவதில்லை. தடுக்கப் போட்ட வைரசே வருத்தமாகிவிடலாம். மச்சானுக்கு முதல் ஊசி, நான்கு கிழமையால் இரண்டாவது, அதன்பின் இன்னும் நான்கு கிழமை பொறுத்துக் குளிசை. மொத்தம் எட்டுக் கிழமை. எம்.எம்.ஆர். ஊசியும் உயிருள்ளதுதான். அதுவும் தேவைப்பட்டால் கொப்புளிப்பான் ஊசியோடு ஒரே நாளில் போடலாம். அன்று போடாவிட்டால் நான்கு கிழமை விடவேண்டும்.

ஹெபரைற்றிஸ் பி, ஃபுளூ, நியூமோனியா ஊசிகளில் உயிருள்ள கிருமி இல்லை. மருந்து தொடங்கிய பின்னும் போடலாம், ஆனால் முன்னரே போட்டால் நன்றாகப் பிடிக்கும். பி ஊசி மூன்று தடவை, வழக்கமாக ஆறு மாதத்தில் முடியும். அது முடியும்வரை மருந்தைப் பிந்தவிடத் தேவையில்லை.

சிக்கல் எங்கே என்றால், வருத்தம் கூடியவுடன் பிரெட்னிசொலோன் 40 மில்லிகிராம் கொடுத்துவிடுவார்கள். அதுவும் எதிர்ப்பை அடக்கும். அந்த நேரம் உயிருள்ள ஊசி போடமுடியாது, நிறுத்திய கையோடும் போடமுடியாது. எனவே வருத்தம் அடங்கியிருக்கும்போதே இரத்தத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எட்டுக் கிழமை பொறுக்க முடியாத அளவுக்கு இரத்தம் போனால் ஊசியை விட்டுவிட்டு மருந்தைத் தொடங்குவார்கள். அப்படியானவர் கொப்புளிப்பான் வந்தவரோடு இருந்துவிட்டால், கொப்புளம் வரும்வரை பார்த்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் சொல்லவேண்டும். அதைத் தடுக்க வைரசு மருந்து உண்டு.

மருந்து எடுப்பவர் ஊருக்குப் போகும்போது ரைபோயிட்டுக்கு வாயால் விழுங்கும் குளிசை வேண்டாம், ஊசி கேட்கவேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி, பீ.சி.ஜி., மூக்கில் அடிக்கும் ஃபுளூ மருந்து ஆகியனவும் உயிருள்ளவை. வீட்டுப் பிள்ளைகளுக்கு எம்.எம்.ஆரை நிறுத்தவேண்டாம், அது அவர்களிடமிருந்து தொற்றாது. கொப்புளிப்பான் ஊசி போட்ட பிள்ளைக்குக் கொப்புளம் போட்டால் மாத்திரம், அது காயும்வரை அவரிடமிருந்து தள்ளி வைத்திருங்கள்.