இலவச எழுத்துருவும் சேனல் வருமானமும்

யூடியூபில் வீடியோ ஏற்றும்போது பதிப்புரிமைச் சோதனை ஒன்று ஓடும். பின்னணியில் யாருடைய பாட்டாவது இருந்தால் அங்கேயே பிடித்துவிடும். ஆனால் அந்தக் கன்டென்ட் ஐடி ஒப்பிடுவது ஒலியையும் காட்சியையும்தான். திரையில் நீங்கள் போட்ட எழுத்துருவுக்கு உரிமம் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. ஆகவே தகராறு வந்தால் எழுத்துருவை வடிவமைத்தவரிடமிருந்து நேராக மின்னஞ்சலில்தான் வரும். பெரும்பாலும் சேனல் நாலு பேர் கண்ணில் பட்ட பிறகு வரும்.

ஒரு சமையல் சேனல் என்று வைத்துக்கொள்வோம். நடத்துகிறவர் டாஃபான்ட் தளத்திலிருந்து கையெழுத்துப் பாணியில் ஓர் ஆங்கில எழுத்துருவை இறக்கி, சேனல் பெயரை அதில் எழுதி லோகோ ஆக்கிவிட்டார். பேனர், தம்ப்நெயில், வீடியோ முகப்பு எல்லாவற்றிலும் அதே எழுத்து. இறக்கிய பக்கத்திலேயே "Free for personal use" என்று போட்டிருந்தது. பிறந்தநாள் அழைப்பிதழ் அடிக்கலாம், வியாபாரத்துக்கு ஆகாது என்பதே அதன் பொருள். விளம்பரக் காசு வரத் தொடங்கினால் சேனல் வியாபாரம்தான். அதற்கு முன்பே கூட, ஒரு மசாலா கம்பெனி பணம் கொடுத்துத் தன் பாக்கெட்டைக் காட்டச் சொன்னால் அந்த வீடியோ வியாபாரம்தான்.

இதற்கு வழி உண்டு. ஜிப் கோப்புக்குள் இருக்கும் உரைக்கோப்பில் வணிக உரிமம் எங்கே வாங்கலாம் என்று வடிவமைப்பாளர் பெரும்பாலும் எழுதியிருப்பார். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் உரிமத்தில் மூன்றைப் பார்க்க வேண்டும். ‘டெஸ்க்டாப்’ உரிமம் என்பது பொதுவாக இத்தனை கணினியில் நிறுவலாம் என்ற கணக்கு. படமாக அச்சடிக்க அது போதும்; வீடியோவுக்கும் நேரலைக்கும் சில நிறுவனங்கள் தனி உரிமம் கேட்கின்றன. லோகோவுக்குத் தனி விதி வைப்பவர்களும் உண்டு. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: எழுத்துருக் கோப்பை வாட்ஸ்அப்பில் எடிட்டருக்கு அனுப்புவது. உங்கள் உரிமம் உங்கள் கணினிக்கு. எடிட்டர் தன் கணினியில் அதை நிறுவ வேண்டுமானால், பல உரிமங்களின்படி அவரும் தனியாக வாங்க வேண்டும்.

“எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமையே கிடையாதே” என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் அது பாதி உண்மை. அங்கே எழுத்தின் தோற்றத்துக்குப் பதிப்புரிமை இல்லை. எழுத்துருக் கோப்பு கணினி நிரல் என்பதால் அதற்கு உண்டு. தவிர, உரிமத்தை ஒப்புக்கொண்டு இறக்கியவரை அந்த ஒப்பந்தமும் கட்டுப்படுத்தும். எல்லா நாட்டிலும் சட்டம் ஒன்றாக இல்லை. இந்த வாதத்தை நம்பி லோகோ செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நேரலையில் கதை கொஞ்சம் மாறும். ஓபிஎஸ்ஸில் சாதாரண எழுத்துப் பெட்டி போட்டால் எழுத்துரு உங்கள் கணினியிலேயே இருக்கும்; பார்ப்பவருக்குப் போவது வெறும் படம். ஆனால் “புதிய சந்தாதாரர்” என்று துள்ளி வரும் அறிவிப்பை இணையப் பக்கமாகச் செய்து, அதற்காக எழுத்துருவைச் சர்வரில் ஏற்றினால், அது இணைய எழுத்துரு ஆகிவிடுகிறது. அதற்கு டெஸ்க்டாப் உரிமம் செல்லாது. ஓவர்லே செய்து விற்கிறவர்களும் தொகுப்புக்குள் எழுத்துருக் கோப்பை வைத்துக் கொடுக்கக் கூடாது. பெயரைச் சொல்லி, எங்கே வாங்கலாம் என்று காட்டினால் போதும்.

தமிழ் எழுத்துக்கு இவ்வளவு தலைவலி தேவையில்லை. கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள முக்தா மலர், கேட்டமரன், பலூ தம்பி, ஹிந்த் மதுரை ஆகியவை எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. தம்ப்நெயிலுக்கோ விளம்பர வீடியோவுக்கோ லோகோவுக்கோ காசு கட்ட வேண்டாம், வீடியோவில் நன்றி போடவும் வேண்டாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. கோப்பை யாருக்காவது கொடுத்தால் உரிம உரையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எடிட்டருக்கு அனுப்பும் பிரச்சினை இங்கே அதோடு தீர்ந்தது.

சிக்கல் ‘ஐந்நூறு ஸ்டைலிஷ் தமிழ் எழுத்துருக்கள்’ என்று டெலிகிராமில் சுற்றும் தொகுப்புகளில்தான். யார் செய்தது, என்ன உரிமம் என்று உள்ளே ஒரு வரி இருக்காது. ஏற்றியவர் இலவசம் என்று சொல்வது செய்தவரின் அனுமதி ஆகாது. உரிம உரை இல்லாத கோப்பு என்றால் அனுமதி இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் மேக்கின் ஃபான்ட் புக்கில் அந்த எழுத்துருவின் தகவலைத் திறந்து பாருங்கள். உரிமையாளர் பெயரும் உரிம வாசகமும் பல சமயம் கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும்.

உரிமக் கோப்பு, வாங்கிய பில், இறக்கிய அன்றைய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் லோகோவின் மூலக்கோப்பு இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டுவையுங்கள். தளங்கள் விதியை மாற்றுகின்றன, சில எழுத்துருக்கள் தளத்திலிருந்தே காணாமல் போகின்றன. எந்த விதியில் நீங்கள் எடுத்தீர்கள் என்று இரண்டு வருஷம் கழித்து யாராவது கேட்டால், காட்டுவதற்கு அது மட்டும்தான் இருக்கும்.