போத்தலில் இரண்டு திகதிகள்

தம்பிக்கு மீண்டும் காய்ச்சல் வந்த இரவு, உம்மா அலுமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். போன மாதம் ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்குப் போய் வாங்கிய அமொக்சிசிலின் பாணியில் மிஞ்சியது. "2027 வரைக்கும் நாள் ஈக்குதே மகள்" என்றார்.

அந்தத் திகதி, போத்தலுக்குள் தூள் உலர்ந்திருக்கும் வரைக்கும்தான். அமொக்சிசிலின் தண்ணீரில் மெல்ல மெல்லச் சிதையும். அதனால்தான் அதைத் தூளாக விற்கிறார்கள். தண்ணீர் ஊற்றியதும் வேறொரு கணக்கு தொடங்குகிறது. கலந்தபின் எத்தனை நாட்களுக்குள் பாவிக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று லேபலில் சிறிய எழுத்தில் இருக்கும். எங்கள் போத்தலில் 7 நாட்கள். சிலவற்றில் 10 அல்லது 14. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால்தான் அந்த நாட்கள் செல்லும் என்று சில மருந்துகளில் இருக்கும். வீட்டில் அது இல்லாவிட்டால் பாமசியில் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எங்கள் கணக்கைப் பாருங்கள். 5 மில்லிலீற்றர், தினம் 3 வேளை, 5 நாட்கள்: மொத்தம் 75. போத்தலோ 100. எனவே முழுமையாகக் கொடுத்தாலும் 25 மிஞ்சும். மார்ச் 3ஆம் திகதி கலந்தோம். 10ஆம் திகதி வீசியிருக்க வேண்டும். நிறமும் மணமும் மாறாததால் வீரியம் குறைந்தது தெரியவில்லை. வீரியம் குறைந்த மருந்து கிருமியை முழுதாகக் கொல்லாது. வைரஸ் காய்ச்சலென்றால் நல்ல மருந்தும் உதவாது.

மறுநாள் தம்பியை டொக்டரிடம் காட்டினோம். இப்போது தூள் கலக்கும்போதே, கலந்த திகதியையும் வீசும் திகதியையும் உம்மா போத்தலில் பேனையால் எழுதுகிறார்.