ட்ரையல் பேலன்ஸ் பொருந்திவிட்டது, சரக்கு?

பல ஆண்டுகளாக ஒரே கணக்கு மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்த கடை, ஏப்ரல் 1 முதல் புதிய மென்பொருளுக்கு மாறுகிறது என்று வையுங்கள். பழைய நிலுவைகள், வாடிக்கையாளர் பாக்கிகள், சரக்குப் பட்டியல் எல்லாவற்றையும் ஏற்றியாகிவிட்டது. பற்றின் கூட்டுத்தொகையும் வரவின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்கின்றன. உடனே ஊழியர்களிடம் பில் போடச் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் பற்றும் வரவும் சமமாக இருப்பதால் உறுதியாவது ஒன்றே ஒன்றுதான்: ஏற்றிய பதிவுகள் இரட்டைப் பதிவு முறைப்படி இருக்கின்றன. ஏற்றிய தொகை சரிதானா, அந்தத் தொகைக்குப் பின்னால் சரக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

குழாய், பிட்டிங்ஸ் விற்கும் ஒரு மொத்த வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். பழையது டேலி, புதியது இஆர்பிநெக்ஸ்ட். முதல் சறுக்கல் பெரும்பாலும் பழைய கணக்கிலிருந்து தொகையை எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. மார்ச் 31 தேதியிட்டு டேலியில் ட்ரையல் பேலன்ஸ் எடுத்தால், அதில் தெரியும் சரக்கு மதிப்பு அந்த ஆண்டின் தொடக்கச் சரக்கு. அதாவது போன ஏப்ரல் 1 அன்று இருந்தது. இறுதிச் சரக்கின் மதிப்பு பேலன்ஸ் ஷீட்டில்தான் வரும். நம் கடையில் ட்ரையல் பேலன்ஸ் ₹78,15,000 என்று காட்டுகிறது, பேலன்ஸ் ஷீட் ₹86,42,300 என்கிறது. முதல் தொகையை அப்படியே எடுத்துவிட்டால் சரக்கு குறைந்துபோவதோடு நிற்காது, லாபமும் ₹8,27,300 குறைந்துவிடும். ஆண்டின் முதல் நாளில் மாறுகிறவர்கள் விற்பனை, கொள்முதல், செலவுக் கணக்குகளைக் கொண்டுவரத் தேவையில்லை. அவை லாபமாக முடிந்து முதல் கணக்கில் சேர்ந்த பிறகு மிஞ்சும் பேலன்ஸ் ஷீட் நிலுவைகளை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

இஆர்பிநெக்ஸ்டில் சரக்குக் கணக்கில் நேரடியாக ஜர்னல் போட முடியாது. பொருள் பொருளாக எண்ணிக்கையும் அடக்க விலையும் கொடுத்து ஏற்றினால்தான் அந்தக் கணக்கில் தொகை விழும். அப்படி ஏற்றும்போது எதிர்ப்பதிவு `Temporary Opening` என்ற இடைக்கணக்கில் போய் உட்காரும். மற்ற நிலுவைகளின் எதிர்ப்பதிவும் அதே கணக்குக்குத்தான். எல்லாம் ஏற்றி முடிந்ததும் அது பூஜ்யமாக வேண்டும். சோதனையை அங்கிருந்து தொடங்குவதுதான் சரி.

நம் கடையில் அது பூஜ்யமாகவில்லை. வரவில் ₹15,600 நிற்கிறது. புதிய மென்பொருளில் சரக்கு ₹86,57,900 என்று வந்திருக்கிறது, பழையதைவிட அந்த அளவு கூடுதல். இப்போது செய்யக் கூடாத காரியம், ₹15,600-க்கு ஒரு ஜர்னல் போட்டு இடைக்கணக்கைத் துடைப்பது. அவசரத்தில் பலரும் செய்வது அதுதான். அப்படிச் செய்தால் வித்தியாசம் கண்ணிலிருந்து மறையும், காரணம் அப்படியே இருக்கும்.

காரணத்தைத் தேட, பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒரே எக்செல் கோப்பில் இரண்டு தாள்களாக வைக்கலாம். மூன்றாவது தாளில் இரண்டிலும் உள்ள பொருள் குறியீடுகளை எல்லாம் சேர்த்து ஒரு வரிசை. புதிய பட்டியலை மட்டும் வைத்துத் தேடினால், ஏற்றாமல் விட்டுப்போன பொருள் கண்ணில் படவே படாது. A பத்தியில் குறியீடும் D பத்தியில் மதிப்பும் இருந்தால், ஒவ்வொரு குறியீட்டுக்கும் எதிரே இந்தச் சூத்திரம்:

```
=SUMIFS(Old!D:D,Old!A:A,A2)-SUMIFS(New!D:D,New!A:A,A2)
```

ஒரே பொருள் இரண்டு குடோன்களில் இருந்தாலும் இது கூட்டிக்கொள்ளும். விடை பூஜ்யமாக இல்லாத வரிகள் மட்டும் நமக்குப் போதும். நம் கடையில் வந்தது ஒரே வரி: குழாய் ஒட்டும் பசை, பழைய கணக்கில் கழித்தல் 26 டின், டின்னுக்கு ₹600. கழித்தல் இருப்பைத் தொடக்கச் சரக்காக ஏற்ற முடியாது என்பதால், ஏற்றியவர் அந்த வரியைத் தள்ளிவிட்டிருக்கிறார்.

இல்லாத டின்னை எப்படி விற்றார்கள்? சரக்கு வந்து இறங்கிவிட்டது, சப்ளையர் பில் மட்டும் ஏறவில்லை. 60 டின்னுக்கு ₹36,000, ஜி.எஸ்.டி. ₹6,480. இந்த பில்லைப் பழைய கணக்கில் மார்ச் தேதியிலேயே பதிந்தால் இருப்பு 34 டின்னாகும், மொத்தச் சரக்கு ₹86,78,300 ஆகும். புதியதில் 34 டின்னை ₹20,400-க்கு ஏற்றினால் அங்கும் அதே தொகை. சப்ளையருக்குத் தர வேண்டிய ₹42,480-ஐயும் உள்ளீட்டு வரியையும் சேர்த்து ஏற்றியதும் இடைக்கணக்கு தானாகப் பூஜ்யமாகிறது. ஜர்னல் போட்டு மூடியிருந்தால், சப்ளையரின் பாக்கி கணக்கில் ஏறாமலே போயிருக்கும்.

சின்னச் சின்ன வித்தியாசங்கள் நிறைய வந்தால் அவை அநேகமாக விலையின் தசமங்கள். 7,000 திருகுகளின் மதிப்பு ₹2,350 என்றால் ஒன்றின் அடக்கம் ₹0.3357. அதை 0.34 என்று ஏற்றினால் மதிப்பு ₹2,380. விலையில் தசம இடங்களைக் கூட்டிவைத்து மறுபடி ஏற்றினால் தீர்ந்துவிடும்.

எனக்கு அதிகம் பயம் தருவது, எந்தச் சூத்திரத்திலும் சிக்காத தவறு. எல்போ என்ற வளைவுக் குழாய், பழைய கணக்கில் 40 பெட்டி, பெட்டி ₹600, மதிப்பு ₹24,000. ஒரு பெட்டியில் 50 எண்ணம். புதிய மென்பொருளில் அந்தப் பொருளின் அலகு எண்ணம். எனவே 2,000 எண்ணம், ₹12 என்று ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றியதோ 40 எண்ணம், ₹600. மதிப்பு அதே ₹24,000, எண்ணிக்கை அதே 40. ட்ரையல் பேலன்ஸ், இடைக்கணக்கு, எக்செல் மூன்றுமே சரி என்றுதான் சொல்லும். முதல் நாள் யாரோ 10 எல்போவை ₹16 வீதம் விற்கிறார். விற்பனை ₹160, அடக்கம் ₹6,000. ஒரே பில்லில் ₹5,840 நஷ்டம்.

இதைப் பிடிக்க, அடக்க விலையை விற்பனை விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ₹600 அடக்கத்துக்கு எதிரே ₹16 விற்பனை விலை நின்றால் உடனே தெரிந்துவிடும். தவறு மறுபக்கமும் போகலாம். எண்ணத்தைப் பெட்டியாக ஏற்றியிருந்தால் லாபம் நம்ப முடியாத அளவுக்குத் தெரியும். ஆகவே இரண்டு ஓரங்களையும் பார்ப்பது நல்லது. பிறகு, மதிப்பில் பெரிய பொருள்களையும் அங்கொன்று இங்கொன்றாகச் சிலவற்றையும் குடோனுக்குப் போய் எண்ண வேண்டும். சரக்கை நாள்தோறும் கையாளுகிற குடோன்காரர் கூட இருந்தால் நல்லது. கணக்கறையில் இருப்பவருக்குப் புலப்படாத அலகுக் குழப்பம் அவருக்கு ஒரு பார்வையில் தெரியும்.

இவ்வளவும் முதல் பில்லுக்கு முன்பே ஏன்? சராசரி அடக்க விலையில் ஓடும் கடையில் ஒவ்வொரு விற்பனையின் அடக்கமும் அதற்கு முந்தைய இருப்பிலிருந்து பிறக்கிறது. பத்து நாள் கழித்துத் தொடக்கச் சரக்கைத் திருத்தினால், அதற்குப் பின் வந்த எல்லாப் பதிவுகளின் அடக்கமும் மறுபடி கணக்கிடப்பட வேண்டும். நடுவில் எங்காவது இருப்பு கழித்தலுக்குப் போனால் மென்பொருள் திருத்தத்தையே மறுத்துவிடும். அதற்குள் முதலாளி ஒரு லாப அறிக்கையைப் பார்த்து, அதை வைத்து விலையும் பேசியிருப்பார்.

அதனால் சோதனை முடியும்வரை ஊழியர்களுக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் போதும். கடையை மூட முடியாதே, அந்த நாள்களின் பில்லைக் கைப்புத்தகத்தில் எழுதலாம். ட்ரையல் பேலன்ஸையும் சரக்குப் பட்டியலையும் அச்சிட்டு, கணக்காளரும் குடோன் பொறுப்பாளரும் ஆடிட்டரும் கையெழுத்திட்டதும் மார்ச் 31 வரையிலான தேதிகளைப் பூட்டிவிட வேண்டும். அதன்பின் கைப்புத்தக பில்களைத் தேதி வரிசை மாறாமல் ஏற்ற வேண்டும். கொள்முதலுக்கு முன் விற்பனை ஏறினால், அந்த விற்பனையின் அடக்கம் தவறான சராசரியில் விழும்.