கதவு திறந்திருக்கிறது, யாரும் வருவதில்லை

அக்டோபர் 10 காலையில் பல அலுவலக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி வந்து விழும். கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள், நன்றாகத் தூங்குங்கள், சாப்பிடும்போது செல்போனைத் தள்ளி வையுங்கள் என்று மென்மையாகச் சில யோசனைகள். கடைசியில் மேலாளர் பெயரில் ஒரு வரி: எதுவானாலும் என்னிடம் பேசலாம், என் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். கும்பிடும் கைகளும் இதயக்குறிகளும் வரிசையாக விழும். அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போகிறவர் மட்டும் அபூர்வம்.

1992 முதல் உலக மனநல நாளாக அனுசரிக்கப்படும் அந்தத் தேதிக்கு, 2024-இல் வைத்த கருப்பொருளே பணியிட மனநலம்தான். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்குச் சுமார் 1,200 கோடி வேலைநாட்களை இழக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

கதவைத் தாண்ட ஏன் தயக்கம்? ஊழியர்கள் மேலதிகாரியிடம் எப்போது வாய் திறக்கிறார்கள், எப்போது மூடிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்த ஜேம்ஸ் டெட்டர்ட், ஈதன் பர்ரிஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர்கள், 2016-இல் எழுதிய கட்டுரையில் இந்தத் திறந்த கதவைத்தான் குறை சொன்னார்கள். எழுந்து, நடந்து, எல்லார் கண்ணெதிரே அறைக்குள் நுழைந்து பேச்சைத் தொடங்கும் பாரம் முழுவதும் ஊழியர் தலையிலேயே விழுகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரோ அடுத்த மார்ச்சில் அவருடைய சம்பள உயர்வுக்குக் கையெழுத்துப் போடப்போகிறவர். ‘ராத்திரி தூக்கமே இல்ல சார்’ என்று அவரிடம் யார் சொல்வார்?

2017-இல் அமெரிக்காவின் மிச்சிகனில், ஓலார்க் என்ற சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. அங்கே வேலை பார்த்த பெண் ஒருவர், மனநலத்தைக் கவனித்துக்கொள்ள இன்றும் நாளையும் விடுப்பு எடுக்கிறேன் என்று தன் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். காய்ச்சல், வயிற்றுவலி என்று சாக்கு எதுவும் சொல்லவில்லை. தலைமை நிர்வாகி பென் காங்கிள்டன் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். உடல் நோய்க்கு எடுக்கும் விடுப்பை மனதுக்கும் எடுக்கலாம் என்பதை நினைவூட்டினீர்கள் என்றார். அந்தப் பெண் அதை ட்விட்டரில் போட, உலகம் முழுக்கப் பரவியது.

எல்லாரும் அந்தப் பதிலின் கனிவைத்தான் மெச்சினார்கள். கனிவு இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு அடியில் ஒரு விடுப்பு விதி இருந்தது. கேட்டால் கிடைக்கும், காரணம் சொன்னால் பெயர் கெடாது என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் அப்படியொரு மின்னஞ்சலை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

யோசனைகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களுடைய பதில்களை ஆராய்ந்து 2024-இல் முடிவை வெளியிட்டார். மனத்திட்பப் பயிற்சி, தியானச் செயலி போன்றவற்றில் சேர்ந்தவர்களும் சேராதவர்களும் மனநலத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். தொண்டுப் பணிகளில் ஈடுபட்டவர்கள் மட்டும் சற்று விலக்கு. வேலையின் அளவும் நேரமும் அப்படியே இருக்கும்போது மூச்சுப்பயிற்சி எவ்வளவு தூரம் தாங்கும்?

ஆகவே மேலாளர் அறையைவிட்டு வெளியே வர வேண்டியிருக்கிறது. ஒரு கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். 11-ஆம் தேதிக்குள் ஒரு ஜிஎஸ்டி படிவம், 20-க்குள் இன்னொன்று. எப்போதும் சரியாகச் செய்யும் ஒருவர் சில வாரங்களாகக் கூட்டலில் பிழை விடுகிறார், மதியம் தனியே சாப்பிடுகிறார், சின்னக் கேள்விக்கும் எரிந்து விழுகிறார். ‘எனி ப்ராப்ளம்?’ என்று எல்லார் முன்னாலும் கேட்டால் ‘ஒண்ணுமில்ல சார்’ என்றுதான் பதில் வரும். தனியாக, தான் கண்டதை மட்டும் சொல்லிக் கேட்கலாம்: “ரெண்டு மூணு வாரமா நீங்க வழக்கம்போல இல்லைன்னு தோணுது. இந்த மாசம் வேலை ரொம்ப சேர்ந்துபோச்சா?” அவர் ஆமாம் என்றால், ஒரு படிவத்தை வேறொருவரிடம் மாற்றுவது அன்றே செய்யக்கூடியது. அடுத்த வாரம் மறுபடி விசாரித்தால்தான் முதலில் கேட்டதும் சடங்கல்ல என்று அவருக்குப் புரியும்.

மேலாளர் மருத்துவர் இல்லை. இது மனச்சோர்வுதான் என்று பெயர் வைப்பதோ, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று துருவுவதோ அவர் வேலையில்லை. 2022-இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் மேலாளர்களுக்குப் பரிந்துரைக்கும் பயிற்சியும், துன்பத்தை அடையாளம் காண்பது, காதுகொடுத்துக் கேட்பது, தக்க உதவிக்கு அனுப்புவது போன்றவற்றைப் பற்றியதுதான். இந்தியாவில் அந்த உதவிக்கு 14416 என்ற எண் உண்டு. டெலி-மானஸ் என்ற அரசுச் சேவை. 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். அடுத்த அக்டோபரில் செய்தி எழுதுகிறவர் நடைப்பயிற்சி யோசனைக்கு முன்னால் இந்த எண்ணையும், மனநலத்துக்கு எந்தக் கணக்கில் விடுப்பு எடுக்கலாம், நேரடி மேலாளரிடம் சொல்ல விருப்பமில்லாதவர் யாரிடம் போகலாம் என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்துவிடலாம்.