விடைத்தாள் போட்டோவில் 17-ஆம் கேள்வி

ஐம்பது கேள்வி மாதிரித் தேர்வு முடிந்ததும், ஓ.எம்.ஆர். தாள்களைச் செல்போனில் படமெடுத்துத் திருத்தும் பழக்கம் பயிற்சி மையங்களில் பரவியிருக்கிறது. ஸ்கேனர் தேவையில்லை. ஆனால் போட்டோ எப்படி ‘17, B’ என்ற வரியாக மாறுகிறது என்று தெரிந்தவர்கள்தான், மாறாமல் போன இடத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

நிரல் எந்த எழுத்தையும் படிப்பதில்லை. தாளில் எந்த இடம் எந்தக் கேள்வி என்பது அதற்கு முன்பே சொல்லப்பட்டிருக்கும். அந்த இடம் எவ்வளவு கருத்திருக்கிறது என்று மட்டும் அது அளக்கிறது.

முதல் வேலை, கோணலாக எடுத்த படத்தை நேராக்குவது. தாளின் நான்கு மூலைகளிலும் அச்சிட்ட கருப்புச் சதுரங்களைத் தேடிப் பிடித்து, அவை செவ்வகத்தின் மூலைகளில் வந்து நிற்கும்படி படத்தை இழுத்துப் பொருத்துகிறது நிரல். நேரான படம் 1000 புள்ளி அகலம், 1414 புள்ளி உயரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வியின் A வட்டம் இடமிருந்து 120, மேலிருந்து 200 புள்ளியில் இருக்கிறது. அடுத்தடுத்த விடைகளுக்கு இடையே 40 புள்ளி, கேள்விகளுக்கு இடையே 45. அப்படியானால் 17-ஆம் கேள்வியின் B வட்டம் இடமிருந்து 160, மேலிருந்து 920-இல் இருந்தாக வேண்டும்.

அங்கே வட்டத்தின் அச்சுக்கோட்டைத் தவிர்த்து, உள்ளே இருக்கும் 254 புள்ளிகளை மட்டும் எடுத்து, கருப்பானவை எத்தனை என்று எண்ணுகிறது. A-இல் 31, B-இல் 214, C-இல் 26, D-இல் 33 என்று வருகிறது. B மட்டும் 84 சதவீதம். மற்றவை 10 முதல் 13. விடை B.

நிரப்பாத வட்டத்தில் எப்படிக் கருப்பு வந்தது? உள்ளே அச்சிட்ட எழுத்தின் மைதான். இது சின்ன விஷயமில்லை. மாணவர் 16-ஆம் கேள்வியை விட்டுவிட்டார் என்றால், நான்கிலும் 10, 12, 13, 15 என்றுதான் வரும். ‘அதிகக் கருமை எதுவோ அதுவே விடை’ என்று மட்டும் எழுதிய நிரல், அப்போதும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். நான்கு எழுத்துகளில் மை அதிகம் பிடிப்பது B. ஆகவே தொடாத கேள்விக்கெல்லாம் B என்று விடை வந்துகொண்டே இருக்கும். இதைத் தடுக்க இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: வட்டம் குறைந்தது பாதியாவது கருத்திருக்க வேண்டும், அடுத்த நிலையில் உள்ள வட்டத்தைவிடத் தெளிவாக முந்தியிருக்க வேண்டும். இரண்டு வட்டங்கள் நிரம்பியிருந்தால் இரண்டையும் எழுதிவைத்து, ஆசிரியர் பார்வைக்கு அனுப்புவதே நியாயம்.

```
q_no,option
15,C
16,
17,B
18,B|D
19,A
```

16-க்கு எதிரே காலியாக இருந்தாலும் அந்த வரி இருந்தே ஆக வேண்டும். விடை இல்லையென்று வரியை நீக்கிவிட்டு, விடைகளை வரிசைப்படி விடைக்குறிப்போடு ஒப்பிட்டால், 17-இன் விடை 16-க்குப் போய்விடும். அதற்குப் பிறகு எல்லாமே தவறு. டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் ‘விடை தெரியவில்லை’ என்பதற்கே E என்ற வட்டம் இருக்கிறது. அங்கே E நிரப்பியதும் எதையும் நிரப்பாததும் ஒன்றல்ல. வரியிலும் வேறாகவே தெரிய வேண்டும்.

போட்டோவில் அதிகத் தொல்லை தருவது நிழல். படமெடுப்பவரின் கை நிழல் தாளின் கீழ்ப்பாதியில் விழுந்தால், அங்கே வெள்ளைத்தாளே சாம்பல் நிறமாகிவிடும். முழுத்தாளுக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் நிரப்பாத வட்டங்களும் கருப்பாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டுத்தான் கருப்பா வெள்ளையா என்று முடிவு செய்ய வேண்டும். இதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஒப்பிடும் பரப்பு வட்டத்தைவிடச் சிறியதாக இருந்தால், நன்றாக நிரப்பிய வட்டத்தின் நடுப்பகுதிக்குச் சுற்றிலும் கருப்பே இருக்கும். ஒப்பீட்டில் அது வெள்ளையாகிவிடும். அழுத்தி நிரப்பிய மாணவருக்கே விடை காலி என்று வரும்! பரப்பு, வட்டத்தைப்போல் மூன்று நான்கு மடங்காவது இருக்கட்டும்.

இன்னொன்று, தாளின் வளைவு. நான்கு மூலைகளை நேராக்குவது தட்டையான தாளுக்குத்தான் பொருந்தும். மடித்த தாளில் மூலைகள் சரியாக இருந்தும், நடுவில் உள்ள வரிகள் மேலேயோ கீழேயோ நகர்ந்திருக்கும். பல ஓ.எம்.ஆர். தாள்களின் ஓரத்தில் வரிசையாகத் தெரியும் சிறு கருப்புக் கட்டைகள், ஒவ்வொரு வரியும் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காகத்தான். அவை இல்லாத தாளைத் தேர்வு அட்டையில் கிளிப் போட்டு, நேர் மேலிருந்து படமெடுப்பதே வழி.

பிழையைக் கண்டுபிடிக்க எளிய முறை ஒன்று உண்டு. நிரல் அளந்த இடங்களில் போட்டோவின் மேலேயே பச்சை வட்டம் வரையச் சொல்லுங்கள். பச்சை வட்டம் அச்சு வட்டத்தின் மேல் உட்காராமல் இரண்டு வரிகளுக்கு நடுவே நின்றால், அந்தத் தாளின் மதிப்பெண்ணை நம்ப வேண்டாம். மறுபடி படமெடுங்கள்.